மாப்பிள்ளை பங்காளியாக வரும்போது: மறுமதிப்பீடும் நற்பெயரும் ஏன் முதலில், எப்படி

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு விற்பதோடு, மிளகாய்த்தூளும் மசாலாவும் சொந்தமாக அரைத்து உணவகங்களுக்குக் கொடுக்கும் கடை. அண்ணனும் தம்பியும் கூட்டாளிகள். இலாபத்தை 3:2 என்ற விகிதத்தில் பிரித்துக்கொள்கிறார்கள். அண்ணனின் மகளை மணந்த மாப்பிள்ளை, ஐந்தில் ஒரு பங்குடன் கூட்டாளியாகச் சேர விரும்புகிறார். ஏட்டின்படி அண்ணனின் மூலதனம் 300,000 வெள்ளி, தம்பியின் மூலதனம் 200,000 வெள்ளி. இருவருடையதும் சேர்ந்த 500,000 வெள்ளி ஐந்தில் நான்கு பங்கு என்றால், மீதி ஒரு பங்கு 125,000 வெள்ளி. மாப்பிள்ளை அந்தத் தொகையைக் கொண்டுவந்து சேர்ந்துவிடுகிறார். பார்வைக்கு நியாயமான கணக்குதான்.

ஆனால் இந்தக் கணக்கில், சேர்ந்த அன்றே 44,000 வெள்ளி பழைய கூட்டாளிகளின் கையிலிருந்து மாப்பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. அதில் 17,600 வெள்ளி தம்பியுடையது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் எதையும் மறைக்கவில்லை, எந்த ஏட்டிலும் அது பதிவாகவும் இல்லை. அது எப்படி நடக்கிறது, அதைத் தடுக்க எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இதே கடையின் எண்களைக் கொண்டு இங்கே விளக்குகிறேன். கடையும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. முறை எல்லாச் சாதாரணக் கூட்டாண்மைக்கும் பொருந்தும்.

ஏட்டு மதிப்பு எதைச் சொல்லவில்லை

இருப்புநிலைக் குறிப்பு, சொத்துகளை வாங்கிய விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்துக் காட்டுகிறது. வாங்கிய பிறகு விலை ஏறியிருந்தாலும், விற்கும் நாள் வரை அந்த ஏற்றம் ஏட்டில் தெரியாது. பல ஆண்டுகளாக உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளர் கூட்டமும் ஏட்டில் இல்லை. ஏனென்றால் அதை யாரும் விலைகொடுத்து வாங்கவில்லை. கணக்கியலில் நற்பெயர் என்பது இதைத்தான். இந்த இரண்டும் புதியவர் வருவதற்கு முன்னரே உருவானவை. ஆகவே அவை பழைய கூட்டாளிகளுக்கு, அவர்களுடைய பழைய இலாப விகிதத்தில் உரியவை.

புதியவர் சேர்ந்த மறுநாளிலிருந்து, எந்த இலாபம் கைக்கு வந்தாலும் அது புதிய விகிதத்தில்தான் பிரியும். இலாபம் உருவான காலத்தைக் கணக்கேடு பார்ப்பதில்லை, கைக்கு வந்த காலத்தை மட்டுமே பார்க்கிறது. இருபது ஆண்டுகளில் ஏறிய கடையின் விலை, மாப்பிள்ளை வந்த அடுத்த மாதம் விற்பனையால் வெளிப்பட்டால், அதில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்குப் போகும். சேர்க்கைக்கு முன் மறுமதிப்பீடு செய்வதற்குக் காரணம் இது ஒன்றே: பழைய காலத்தில் உருவானதைப் பழைய விகிதத்திலேயே கணக்கில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு கதவைத் திறப்பது.

குடும்பக் கடைகளில் இந்த இடத்தில்தான் தயக்கம் வருகிறது. “மாப்பிள்ளையிடம் போய்க் கணக்குப் பார்ப்பதா?” என்று அண்ணன் கேட்பார். நம்மிடையே கணக்குப் பார்ப்பது என்றால் சந்தேகப்படுவது என்றே பொருளாகிவிட்டது. ஆனால் இங்கே அண்ணன் விட்டுக்கொடுப்பதாக நினைப்பதில் ஐந்தில் இரண்டு பங்கு தம்பியுடைய பணம். தம்பியோ, அண்ணன் மனம் நோகுமே என்று வாயைத் திறக்க மாட்டார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பிரிவினை பேசும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது. சேரும்போதே நினைத்திருந்தால் பல வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றிருக்காது என்பது என் உறுதியான கருத்து.

முதல் வேலை: நாளைக் குறித்துக் கணக்கை முடிப்பது

சேரும் நாளைக் குறித்து, அந்த நாள் வரையிலான இலாப நட்டக் கணக்கை முடிக்க வேண்டும். நிதியாண்டின் முதல் நாளிலேயே சேர்த்துக்கொள்வது எளிது. ஆண்டின் நடுவில் சேர்த்தால் இடைக்காலக் கணக்கு முடித்துச் சரக்கை எண்ணியே ஆக வேண்டும். பகிரப்படாத இலாபமோ பொதுக் காப்போ ஏட்டில் இருந்தால், அதைப் பழைய விகிதத்தில் பிரித்து மூலதனக் கணக்குகளில் வரவு வைத்துவிட வேண்டும். முன்பு எப்போதோ விலைகொடுத்து வாங்கிய நற்பெயர் சொத்தாக நின்றால், அதையும் பழைய விகிதத்தில் பற்று எழுதி நீக்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் அதே நற்பெயர் பின்னர் இரண்டாம் முறையும் கணக்கில் நுழையும். நம் கடையில் இவை எதுவும் இல்லை.

அந்த நாளில் கடையின் நிலை இது. வணிகக் கடனீந்தோருக்குத் தர வேண்டியது 90,000 வெள்ளி, வங்கிக் கடன் 60,000 வெள்ளி. இவற்றோடு இருவரின் மூலதனம் 500,000 வெள்ளியையும் சேர்த்தால் 650,000 வெள்ளி. சொத்துப் பக்கத்தில் அந்த 650,000 வெள்ளி இப்படி நிற்கிறது:

| சொத்து | ஏட்டு மதிப்பு (வெள்ளி) | ஒப்புக்கொண்ட மதிப்பு (வெள்ளி) |
|---|---|---|
| கடை இடம் | 240,000 | 400,000 |
| அரைவை இயந்திரங்கள், குளிர்பதன அறை | 80,000 | 60,000 |
| சரக்கிருப்பு | 160,000 | 145,000 |
| கடனாளிகள் | 110,000 | 100,000 |
| வங்கி, ரொக்கம் | 60,000 | 60,000 |

மறுமதிப்பீடு: ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி

கடை இடத்தின் மதிப்பை யாரும் வாய்வார்த்தையாகச் சொல்லக் கூடாது. உரிமம் பெற்ற சொத்து மதிப்பீட்டாளரின் எழுத்துமூல அறிக்கை வேண்டும். சிங்கப்பூரில் பல கடை இடங்கள் 99 ஆண்டுக் குத்தகையில் உள்ளவை என்பதால், எஞ்சியிருக்கும் ஆண்டுகள் மதிப்பைப் பெரிதும் மாற்றும். பக்கத்துக் கடை என்ன விலைக்குப் போனது என்பதைக் கொண்டு மட்டும் முடிவுசெய்தால் தவறிவிடும். கடை வாடகை இடமாக இருந்தால் இந்த வரியே இருக்காது. அப்போது ஒப்பந்தம் முடியும் தேதியும் புதுப்பிக்கும் உரிமையும் நற்பெயரின் மதிப்பில் போய்ச் சேரும்.

சரக்கை நேரில் எண்ண வேண்டும். மளிகைக் கடையில் பின்வரிசையில் கிடக்கும் மூட்டைகள்தான் உண்மையைச் சொல்லும்: வண்டு விழுந்த பருப்பு, மணம் போன மல்லி, காலாவதி நெருங்கும் பொட்டலங்கள். இங்கே 15,000 வெள்ளி குறைகிறது. கடனாளிகள் பட்டியலை நிலுவையின் வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் பணம் தராத ஓர் உணவகத்தின் நிலுவைக்காக 10,000 வெள்ளி ஐயக்கடன் ஒதுக்கு வைக்கிறோம். இயந்திரங்களும் குளிர்பதன அறையும், வாங்குவோர் தரக்கூடிய விலைக்குப் பார்த்தால், ஏட்டு மதிப்பைவிட 20,000 வெள்ளி குறைவு.

இதற்கு அடுத்ததுதான் மிக எளிதாக விடுபடுவது: ஏட்டில் ஏறாத கடன்கள். பணியாளர்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டு இன்னும் தராத ஆண்டிறுதி போனஸ், அதற்கான மத்திய சேம நிதிச் சந்தா, எடுக்கப்படாத விடுப்புக்கான ஊதியம், வந்துவிட்ட சரக்குக்கு வராத பட்டியல் ஆகியவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். நம் கடையில் இவை 15,000 வெள்ளி. சேர்க்கைக்குப் பிந்தைய இரண்டு மூன்று மாத வங்கி அறிக்கைகளில், பழைய காலத்துக்கு உரிய பணம் ஏதேனும் வெளியே போயிருக்கிறதா என்று பார்த்தால் விடுபட்டது தெரிந்துவிடும்.

இந்தப் பகுதி புதியவரைக் காப்பதற்கும் ஆனது. சிங்கப்பூரில் நடைமுறையில் உள்ள 1890 ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படி, ஒருவர் கூட்டாளியாகச் சேர்ந்ததாலேயே, சேர்வதற்கு முன் ஏற்பட்ட கடன்களுக்குக் கடனீந்தோரிடம் பொறுப்பாளியாகிவிடுவதில்லை. ஆனால் கடையின் பணத்திலிருந்து அந்தப் பழைய போனஸ் தரப்பட்டுப் புதிய ஆண்டின் செலவாக எழுதப்பட்டால், அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அவருடைய இலாபத்திலிருந்து குறைந்துவிடும். சட்டம் கடனீந்தோரிடமிருந்து அவரைக் காக்கிறது. கணக்கேட்டிலிருந்து மறுமதிப்பீடுதான் காக்க வேண்டும்.

இப்போது மறுமதிப்பீட்டுக் கணக்கைத் திறக்கலாம். ஏற்றமான 160,000 வெள்ளி வரவு. இறக்கங்களும் புதிய கடனும் சேர்ந்த 60,000 வெள்ளி பற்று. நிகர இலாபம் 100,000 வெள்ளி. அதை 3:2 என்ற பழைய விகிதத்தில் பிரித்தால் அண்ணனுக்கு 60,000, தம்பிக்கு 40,000. மூலதனம் முறையே 360,000 ஆகவும் 240,000 ஆகவும் உயர்ந்து, இருவருடையதும் சேர்ந்து 600,000 வெள்ளி ஆகிறது. இந்தத் தொகை பணமாக வந்ததல்ல என்பதால், இதை நம்பி யாரும் கடையிலிருந்து எடுப்புச் செய்யக் கூடாது.

கடை இடத்தை ஏட்டில் உயர்த்திக் காட்ட விரும்பாதவர்களுக்கு வேறு வழி உண்டு. சொத்துகளைப் பழைய மதிப்பிலேயே விட்டுவிட்டு, 100,000 வெள்ளியைப் பழைய விகிதத்தில் மூலதனத்தில் வரவு வைத்து, உடனே அதே தொகையைப் புதிய விகிதத்தில் பற்று வைக்கலாம். மாப்பிள்ளையின் மூலதனத்திலிருந்து 20,000 வெள்ளி குறைந்து, அது பழையவர்கள் இருவருக்கும் சேர்ந்துவிடும். பின்னாளில் கடை விற்கப்படும்போது அவருக்குக் கிடைக்கும் பங்கு, இந்த 20,000 வெள்ளியை ஈடுகட்டிவிடும். விளைவு ஒன்றுதான், ஆனால் விற்பனை வரும்வரை இந்தப் பதிவின் காரணம் எல்லோருக்கும் நினைவிருக்க வேண்டும் என்பதால், சிறிய கடைகளுக்கு முதல் வழியையே நான் சொல்வேன்.

நற்பெயர்: எவ்வளவு, எதற்காக

நற்பெயர் என்பது அன்புக்குரிய சொல் என்பதால் அதை மனத்தால் அளக்கத் தோன்றும். கணக்கியலில் அதன் பொருள் குறுகியது: இதே மூலதனத்தையும் இதே உழைப்பையும் வேறொரு புதிய கடையில் போட்டால் கிடைக்கக்கூடியதைவிட, இந்தக் கடை கூடுதலாக ஈட்டித் தருவது. அந்தக் கூடுதலுக்கு உயர் இலாபம் என்று பெயர். அது இன்னும் சில ஆண்டுகளுக்காவது தொடரும் என்று எதிர்பார்த்தால், அந்த எதிர்பார்ப்பின் விலைதான் நற்பெயர்.

கடந்த மூன்று ஆண்டுகளின் இலாபம் 200,000, 250,000, 240,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நடு ஆண்டில் ஒரு குளிர்பதன அறை பழுதானதற்காக வந்த காப்புறுதித் தொகையில் 30,000 வெள்ளி மிகையாகக் கிடைத்தது. அது திரும்ப வராத வரவு, கழித்தால் 220,000. சராசரி 220,000 வெள்ளி. இத்தகைய திருத்தம் சிங்கப்பூர்க் கணக்குகளில் பெருந்தொற்றுக் காலத்துக்கு மிகவும் வேண்டியது. 2020, 2021 ஆம் ஆண்டுகளின் இலாபத்தில் வேலை ஆதரவுத் திட்டத்தின் மானியமும் வாடகைத் தள்ளுபடியும் கலந்திருக்கும். மறுபுறம், 2020 ஏப்ரலில் தொடங்கிய நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் உணவகங்கள் கொள்முதலைக் குறைத்திருக்கும். அந்த ஆண்டுகளைச் சராசரியில் சேர்ப்பதானால் இரண்டு பக்கமும் திருத்த வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

அடுத்து, கூட்டாளிகளின் உழைப்புக்கான ஊதியம். அண்ணனும் தம்பியும் காலை முதல் இரவு வரை கடையில் நிற்கிறார்கள். கூட்டாளிகள் என்பதால் அவர்களுக்குச் சம்பளச் செலவு எழுதப்படுவதில்லை. ஆகவே 220,000 வெள்ளியில் அவர்களுடைய உழைப்பின் விலையும் கலந்திருக்கிறது. அதே வேலைக்கு மேலாளர்களை அமர்த்தினால் ஆளுக்கு ஆண்டுக்கு 60,000 வெள்ளி ஆகும் என்று கொண்டால், 120,000 வெள்ளியைக் கழிக்க வேண்டும். மீதி 100,000 வெள்ளி. இந்தக் கழிவை விட்டுவிட்டு நற்பெயரைக் கணக்கிடும் தாள்களை நான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். அதில் புதியவர், பழையவர்கள் இனிமேல் செய்யப்போகும் உழைப்புக்கும் முன்கூட்டியே விலை கொடுக்கிறார்.

இனி மூலதனத்துக்கான வழக்கமான வரவு. இத்தகைய வணிகத்தில் போட்ட பணத்துக்கு 10 விழுக்காடு எதிர்பார்ப்பது நியாயம் என்று மூவரும் ஒப்புக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மறுமதிப்பீட்டுக்குப் பிந்தைய மூலதனம் 600,000 வெள்ளி, அதன் 10 விழுக்காடு 60,000. உயர் இலாபம் 40,000 வெள்ளி. மூன்று ஆண்டுக் கொள்முதல், அதாவது மூன்று ஆண்டு உயர் இலாபத்துக்கு விலை தருவது, என்றால் நற்பெயர் 120,000 வெள்ளி.

மறுமதிப்பீடு ஏன் நற்பெயருக்கு முன்னால் வர வேண்டும் என்பது இந்த வரியில்தான் தெரிகிறது. வரிசையை மாற்றி, பழைய மூலதனமான 500,000 வெள்ளியை வைத்துக் கணக்கிட்டிருந்தால் வழக்கமான வரவு 50,000, உயர் இலாபம் 50,000, நற்பெயர் 150,000 வெள்ளி ஆகியிருக்கும். அந்தக் கூடுதல் 30,000 வெள்ளி எங்கிருந்து வந்தது? கடை சொந்த இடத்தில் நடப்பதால் வாடகைச் செலவு இல்லை. அந்த ஆதாயம் இலாபத்தில் கலந்திருக்கிறது. அது கடை இடத்தின் பலனே தவிர வாடிக்கையாளர்களின் பலன் அல்ல. இடத்தின் மதிப்பை உயர்த்தி மூலதனத்தில் ஒரு முறையும், இலாபத்தின் வழியாக நற்பெயரில் இன்னொரு முறையும் மாப்பிள்ளையிடம் விலை கேட்டதாகிவிடும்.

எத்தனை ஆண்டுக் கொள்முதல் என்பது கணக்கில் விடை கிடைக்காத கேள்வி. அது பேசி முடிவுசெய்ய வேண்டியது. உணவகங்கள் மசாலாவின் தரத்துக்காக வருகின்றன என்றால் மூன்று ஆண்டு பொருந்தும். அண்ணனின் முகத்துக்காக மட்டுமே வருகின்றன, அவர் இரண்டு ஆண்டுகளில் ஓய்வுபெறப் போகிறார் என்றால், இரண்டுகூட அதிகமாக இருக்கலாம். வாடகைக் கடையில் ஒப்பந்தம் 18 மாதத்தில் முடிகிறது என்றால், நடந்து வரும் வாடிக்கையாளர்களுக்காக மூன்று ஆண்டு கேட்பதில் நியாயமில்லை. வழக்கமான வரவைக் கழித்ததும் எதுவும் மிஞ்சவில்லை என்றால் நற்பெயருக்கு விலையே இல்லை. ஐம்பது ஆண்டுப் பழைமை அதை மாற்றாது. இதைச் சொல்வது கடினம்தான், ஆனால் அந்த நேரத்தில் சொல்லாமல் விடுவது புதியவருக்குச் செய்யும் அநீதி.

யார் விட்டுக்கொடுத்தாரோ அவருக்கே

மாப்பிள்ளைக்கு ஐந்தில் ஒரு பங்கு யாரிடமிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. இருவரும் தங்கள் விகிதத்திலேயே விட்டுக்கொடுத்தால், மீதி ஐந்தில் நான்கு பங்கு 3:2 ஆகப் பிரிந்து, புதிய விகிதம் 12:8:5 ஆகிறது. அண்ணன் இருபத்தைந்தில் மூன்று பாகத்தையும் தம்பி இரண்டு பாகத்தையும் இழக்கிறார்கள். தியாக விகிதம் 3:2.

நற்பெயரில் மாப்பிள்ளையின் பங்கு, 120,000 வெள்ளியில் ஐந்தில் ஒன்றான 24,000. அதை அவர் பணமாகக் கொண்டுவந்தால், தியாக விகிதத்தில் அண்ணனுக்கு 14,400, தம்பிக்கு 9,600 என்று மூலதனத்தில் வரவு வைக்க வேண்டும். பணம் இல்லை என்றால், அவருடைய மூலதனக் கணக்கில் 24,000 வெள்ளியைப் பற்று வைத்து, அதே தொகையைப் பழையவர்களுக்கு வரவு வைக்கலாம். முழு நற்பெயரான 120,000 வெள்ளியையும் சொத்தாக ஏற்றி அப்படியே வைத்துவிடும் பழக்கத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். சிங்கப்பூரின் நிதி அறிக்கைத் தரம் 38, தானே உருவாக்கிய நற்பெயரைச் சொத்தாகக் காட்ட அனுமதிப்பதில்லை. அந்தத் தரம் கம்பெனிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டாலும், அதே வழக்கத்தைப் பின்பற்றும் கூட்டாண்மைக் கணக்குதான் வங்கியிடம் கொண்டுபோகத் தக்கது.

இப்போது அண்ணன், “என் மருமகனிடம் நான் நற்பெயருக்குப் பணம் வாங்க மாட்டேன்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய உரிமை, அதற்குச் சரியான வழியும் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு முழுவதையும் அண்ணன் தம் பங்கிலிருந்தே கொடுக்கட்டும். புதிய விகிதம் 2:2:1 ஆகும். தம்பி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆகவே நற்பெயரில் அவருக்கு வரவும் இல்லை. 24,000 வெள்ளி முழுவதும் அண்ணனுக்கு உரியது. அதை அவர் வாங்கலாம், மகளுக்குச் சீராக விட்டுவிடவும் செய்யலாம். விகிதத்தை மாற்ற விரும்பாவிட்டால், தம்பிக்குரிய 9,600 வெள்ளியை மட்டும் மாப்பிள்ளை கொண்டுவந்து, அண்ணன் தம் 14,400 வெள்ளியை விட்டுக்கொடுக்கலாம். மனத்தாராளம் எந்த அளவுக்கு இருந்தாலும், அது யாருடைய பையிலிருந்து போகிறது என்பதை எண் காட்டிவிடுகிறது. மறுமதிப்பீட்டு இலாபம் மட்டும் எந்த ஏற்பாட்டிலும் பழைய 3:2 விகிதத்திலேயே பிரியும். ஏனென்றால் அது உருவான காலத்தில் விகிதம் அதுதான்.

மூலதனமும் மறுநாள் சோதனையும்

12:8:5 ஏற்பாட்டுக்கே திரும்புவோம். மறுமதிப்பீட்டுக்குப் பிந்தைய 600,000 வெள்ளி ஐந்தில் நான்கு பங்கு என்றால், மாப்பிள்ளையின் மூலதனம் 150,000 வெள்ளி. நற்பெயருக்கான 24,000 வெள்ளியோடு அவர் கொண்டுவர வேண்டியது 174,000 வெள்ளி. சேர்ந்த பிறகு அண்ணனின் மூலதனம் 374,400, தம்பியின் மூலதனம் 249,600, மாப்பிள்ளையின் மூலதனம் 150,000.

இது சரியா என்று பார்க்க நான் எப்போதும் ஒரே சோதனையைச் செய்கிறேன். மறுநாளே கடை முழுவதையும், ஒப்புக்கொண்ட மதிப்பிலும் நற்பெயருக்கு 120,000 வெள்ளி வாங்கியும் விற்றுவிட்டதாகக் கற்பனை செய்ய வேண்டும். யாருக்கும் ஆதாயமும் இருக்கக் கூடாது, இழப்பும் இருக்கக் கூடாது. ஏட்டில் இல்லாத நற்பெயரின் 120,000 வெள்ளி 12:8:5 ஆகப் பிரிந்து 57,600, 38,400, 24,000 ஆகிறது. மாப்பிள்ளை 174,000 வெள்ளியோடு வெளியேறுகிறார். அவர் கொண்டுவந்ததும் அதுவே. தம்பிக்கு 288,000 வெள்ளி. மாப்பிள்ளை வராமலே கடையை விற்றிருந்தாலும் அவருக்கு மூலதனம் 200,000, மறுமதிப்பீட்டில் 40,000, நற்பெயரில் 48,000 என்று அதே 288,000 வெள்ளிதான் கிடைத்திருக்கும். அண்ணனுக்கு இரண்டு வழியிலும் 432,000 வெள்ளி.

அதே சோதனையைத் தொடக்கத்தில் சொன்ன ஏற்பாட்டுக்குச் செய்து பாருங்கள். மாப்பிள்ளை 125,000 வெள்ளியோடு வந்திருக்கிறார். மறுநாள் விற்பனையில் மறுமதிப்பீட்டின் 100,000 வெள்ளியும் நற்பெயரின் 120,000 வெள்ளியும் வெளிப்படுகின்றன. 220,000 வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கான 44,000 வெள்ளி அவருக்குப் போக, தம்பிக்கு 288,000 வெள்ளிக்குப் பதிலாக 270,400 வெள்ளியே மிஞ்சுகிறது. தம் அண்ணனின் மருமகனுக்கு 17,600 வெள்ளியை அவர் அறியாமலே கொடுத்திருக்கிறார்.

எழுத்தில் வைப்பது

பழைய கூட்டாளிகள் அனைவரும் இசைந்தால் மட்டுமே புதியவரைச் சேர்க்க முடியும் என்பது, வேறு ஒப்பந்தம் இல்லாத இடத்தில், கூட்டாண்மைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவில் உள்ள விதி. அதே பிரிவு, கூட்டாளிகளிடையே வேறு உடன்பாடு இல்லை என்றால் மூலதனமும் இலாபமும் நட்டமும் சமமாகப் பிரியும் என்றும் சொல்கிறது. புதிய விகிதத்தை எழுத்தில் வைக்காமல் வாய்மொழியாக விட்டு, பின்னாளில் நிரூபிக்கவும் முடியாமல் போனால், ஐந்தில் ஒரு பங்குக்கு வந்தவர் மூன்றில் ஒரு பங்கு கேட்க இடம் உண்டாகிவிடும். ஆகவே புதிய கூட்டாண்மை ஒப்பந்தத்தில் விகிதத்தையும், மறுமதிப்பீட்டுப் பட்டியலையும், நற்பெயர் கணக்கிட்ட முறையையும் இணைத்து மூவரும் கையொப்பமிட வேண்டும். அடுத்த கூட்டாளி வரும்போதோ ஒருவர் விலகும்போதோ இதே முறை பின்பற்றப்படுமா என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். விலகுபவருக்கு ஏட்டு மதிப்பா உண்மை மதிப்பா என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாத இடங்களில்தான் வழக்குகள் பிறக்கின்றன. கடை இடம் கூட்டாண்மையின் சொத்தாக இருந்தால், முத்திரை வரி வருமா என்று கையொப்பத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும்.

புதிய கூட்டாளியின் சேர்க்கையை 14 நாள்களுக்குள் பிஸ்ஃபைல் வழியாக, அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டாண்மை தன் பெயரில் வருமான வரி கட்டுவதில்லை. கூட்டாண்மைக்கான P படிவத்தில் காட்டும் இலாபத்தில் ஒவ்வொரு கூட்டாளியும் தம் பங்குக்கு வரி கட்டுகிறார். மறுமதிப்பீட்டால் உயர்ந்த 100,000 வெள்ளி வணிக இலாபம் அல்ல. அதை ஆண்டின் இலாபத்தோடு கலந்துவிடாமல் நேராக மூலதனக் கணக்குக்கே கொண்டுபோக வேண்டும். மாப்பிள்ளையின் 174,000 வெள்ளி கடையின் வங்கிக் கணக்கில் வந்து சேர வேண்டும். நற்பெயருக்கான 24,000 வெள்ளியை வீட்டில் கைமாற்றிக்கொள்வது தவறல்ல, ஆனால் அப்போதும் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையொப்பம் வாங்கி, மறுமதிப்பீட்டுப் பட்டியல் இருக்கும் அதே கோப்பில் வைத்துவிடுங்கள்.